நகல் சீட்டு

மார்ச் 11

அன்புள்ள குட்டிக்கு,

இந்தக் காலத்தில் கடிதமா என்று முகம் சுளிக்காதே. என் கைப்பேசியை அணைத்துத் துணி அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் போட்டிருக்கிறேன். என் எண்ணையும் வீட்டு முகவரியையும் யாரோ வலைத்தளங்களில் போட்டு ஊருக்கே கொடுத்துவிட்டார்கள். எடுத்தால் வசவு, எடுக்காவிட்டால் குரல் பதிவில் மிரட்டல். மின்னஞ்சலும் அதே கதிதான். தபால்காரர் ஒருவர்தான் இன்னும் என்னைத் திட்டாமல் பொருளை நீட்டிவிட்டுப் போகிறார்.

எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது. ஆனால் பொய்யைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு முதல் வரியிலேயே பொய் சொல்வானேன்.

நீ அந்தக் காட்சியைப் பார்த்திருப்பாய். பார்க்காதவர்கள் யாரும் இல்லை என்கிறார் உன் அத்தான். வாக்கு எண்ணும் கூடத்தில் ஒரு மேசை. உன் அக்கா குனிந்து உட்கார்ந்து, கையில் பேனாவோடு, ஒரு வாக்குச் சீட்டில் குறியிடுகிறாள். முடித்ததும் அடுத்த சீட்டை எடுத்துக் குறியிடுகிறாள். பின்னணியில் யாரோ ஒருவன் குரல்: "பாத்துக்குங்க மக்களே, உங்க ஓட்ட இவங்க போட்டுக்கிட்டு இருக்காங்க." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு நொடி கிடையாது.

நடந்தது என்னவென்று உனக்காவது முழுசாகச் சொல்கிறேன். தபாலில் வரும் சீட்டுகளில் சில கிழிந்திருக்கும், உறையைத் திறக்கும் இயந்திரமே சிலவற்றைக் கிழித்துவிடும். சிலவற்றில் தேநீர் கொட்டியிருக்கும். எண்ணும் இயந்திரம் அவற்றைப் படிக்காது, துப்பிவிடும். அதற்காக ஒருவருடைய வாக்கைக் குப்பையில் போட முடியுமா? புதிய சீட்டு ஒன்றை எடுத்து, பழைய சீட்டில் இருப்பதை அப்படியே நகல் எடுக்க வேண்டும். ஓர் அலுவலர் படிப்பார், இன்னொருவர் குறியிடுவார். எதிரே இரண்டு கட்சிகளின் முகவர்களும் உட்கார்ந்து பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இரண்டு சீட்டிலும் ஒரே வரிசை எண் எழுதுவோம். பழையதைத் தனி உறையில் போட்டு முத்திரை வைப்போம். யார் எப்போது கேட்டாலும் எடுத்து ஒப்பிடலாம். சட்டத்தில் இருப்பது இது. இருபது வருடமாகச் செய்வது.

அந்தக் காட்சியில் எதிரே இருந்த முகவர்கள் இல்லை. பக்கத்தில் இருந்து படித்த அலுவலர் இல்லை. படச் சட்டத்தின் ஓரத்தை வெட்டி என் தலையையும் பேனாவையும் மட்டும் விட்டிருக்கிறார்கள். நம்பகத்தன்மைக்காக என்று சொல்லி நாங்களே கூடத்தில் கேமரா வைத்து நேரடியாக ஒளிபரப்பினோமே, அதிலிருந்து எடுத்த துண்டுதான். மீதியை யாராலும் பார்க்க முடியாது. புகார்க் காலம் முடியும்வரை முழுப் பதிவையும் வெளியிடக் கூடாதென்று ஆணையத்தில் விதி. பொய் ஊரெல்லாம் சுற்றுகிறது, மெய்யைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறோம்.

எனக்கு ஆத்திரம் எதில் தெரியுமா? வாக்குப்பதிவுக்கு முன்பே நான் ஆணையத்தின் செய்திப் பிரிவில் கேட்டேன். தபால் வாக்குகளைக் கடைசியில்தான் எண்ணுவோம், அதனால் முதலில் முந்தியவர் பிறகு பிந்தலாம். கிழிந்த சீட்டை நகல் எடுப்போம். இதை இரண்டையும் சின்னப் படமாக எடுத்து இப்போதே போடுங்கள் என்றேன். அங்கிருந்த ஆள் சிரித்துக்கொண்டே சொன்னார், "மேடம், இல்லாத சந்தேகத்த நாமளே ஏன் கெளப்பணும்?" சரியாக அந்த இரண்டு இடத்திலேயே அடித்தார்கள்.

நம் தெருமுனைப் பெயின்ட் கடைக்காரர், ஒரு காலத்தில் நம் வீட்டுக்குச் சுண்ணாம்பு நிறம் எது நன்றாக இருக்கும் என்று மணிக்கணக்கில் யோசனை சொன்ன மனிதர், நேற்று வாசல் கதவுக்கு வெளியே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஓட்டுத் திருடி வீடு இதுதான்" என்று படம் எடுத்தார். பொண்ணு உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் அத்தான் நல்லவர். ஆனால் தினமும் ஒருமுறையாவது, "நீ ஏன் பேனாவ கையில எடுத்த, பக்கத்துல இருந்தவர எழுதச் சொல்லியிருக்கலாம்ல" என்கிறார். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

நீ வக்கீல். இதற்கு என்ன வழி என்று எழுது. முடிந்தால் வா.

உன் மேல் எப்போதும் நம்பிக்கை வைத்திருக்கும்
அக்கா


மார்ச் 15

அன்பு அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் நின்றபடியே பிரித்துப் படித்தேன். காட்சியைப் பார்த்தேன். அலுவலகத்தில் ஒரு பையன், "இவங்க யாருன்னு பாருங்க" என்று நீட்டினான். "எங்க அக்கா" என்றேன். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வந்த மிரட்டல்களில் ஒன்றைக்கூட அழிக்காதே. உன் எண்ணையும் வீட்டு முகவரியையும் போட்ட பதிவுகளைப் படம் பிடித்து, காவல் நிலையத்தில் தனிப் புகாராகக் கொடு. "வீட்டைக் கொளுத்துவோம்" என்பது கருத்து அல்ல, குற்றம். முகவரியைப் பரப்புவதும் அப்படித்தான். நீதிமன்றம் அவற்றை உடனே அகற்றச் சொல்லலாம், இருக்கிற சட்டமே போதும்.

"வாக்கைத் திருடினாள்" என்பது வேறு வகை. அது பொய், உன் பெயரைக் கெடுத்த பொய். முதலில் வெட்டிப் போட்டவன் யாரென்று தெரிந்தால் அவதூறு வழக்கு போடலாம். தெரிந்தே வெட்டினான் என்று காட்டினால் போதும். அதை அனுப்பிய ஆயிரக்கணக்கானவர்கள் மேல் வழக்குப் போட முடியாது, போடவும் கூடாது. அவர்களில் பாதிப் பேர் உண்மையிலேயே நம்பினார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். ஒரே நிமிடத்தில் நாற்பது ஐம்பது கணக்குகள் அதே வாசகத்தைப் போட்டிருக்கின்றன. "திருட்டு" என்பதை எல்லாக் கணக்கிலும் ஒரே மாதிரி "திறுட்டு" என்று எழுதியிருக்கிறார்கள். ஐம்பது பேருக்கும் ஒரே வாத்தியாரா? போன மாதம்வரை அந்தக் கணக்குகள் தலைமுடி எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தன. இதை உங்கள் ஊர் வாரப் பத்திரிகை நிருபரும் பார்த்துவிட்டார். தோண்டிக்கொண்டிருக்கிறார்.

வருவது பற்றி: இங்கே கையில் ஒரு பெரிய வழக்கு வந்திருக்கிறது. முடிந்ததும் ஓடி வருகிறேன். பொண்ணிடம் சொல், சித்தி அவளுக்காக யாரை வேண்டுமானாலும் கடிப்பாள்.

அன்புடன்
குட்டி


மார்ச் 22

குட்டிக்கு,

முதலில் நல்ல செய்தி என்று நினைத்ததைச் சொல்கிறேன். தேர்தல் பொய்ச் செய்திகளைத் தடுக்க என்று புதிதாகக் கொண்டுவந்தார்களே ஓர் அவசர விதி, அதன் கீழ் செய்தித் துறை அமைச்சர் உத்தரவு போட்டார். எண்ணும் கூடத்தின் காட்சி இருக்கும் பதிவுகளை எல்லாச் சமூக வலைத்தளங்களும் ஒரே நாளில் அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். மறுநாள் காலை பொண்ணு ஓடி வந்து, "அம்மா, எங்கயும் இல்லம்மா, தேடினாலும் வரல" என்றாள். நான் சமையலறையில் தரையில் உட்கார்ந்து அழுதேன். யாரோ ஒருவர் என் பக்கம் நின்றிருக்கிறார் என்று தோன்றியது. அன்றைக்குத்தான் அத்தான் பேனாவைப் பற்றிப் பேசவில்லை.

நேற்று எதிர்க்கட்சி முகவர் வந்தார். அதே மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு நகலையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர். மீசைக்காரர் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். தோற்றது அவர் கட்சி. இருந்தாலும், "இந்தம்மா ஒண்ணும் தப்பு பண்ணல, நான் கூடவே இருந்தேன்" என்று தன் கட்சிக்காரர்களிடமே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர். தேநீர் குடித்துக்கொண்டே கேட்டார்: "உங்க தங்கச்சியா அந்த உத்தரவ ரத்து பண்ணணும்னு வழக்குப் போட்டிருக்கறது? பேப்பர்ல பேரு வந்துருக்கே."

நான் இல்லை என்றேன். பேப்பரை விரித்துக் காட்டினார்.

கையில் ஒரு பெரிய வழக்கு வந்திருக்கிறது என்று எழுதினாய். அது இதுதான் என்று எழுத உனக்கு மை தீர்ந்துவிட்டதா? நான் உன்னிடம் வழி கேட்டு எழுதியபோதே அது உன் மேசையில் இருந்ததா?

குட்டி, பொண்ணு பள்ளியில் என்ன நடக்கிறது தெரியுமா? கணக்குப் பாடத்தில் அவள் விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது பின்னால் இருந்த ஒருத்தி, "உங்க அம்மா நகல் எடுத்துக் குடுத்துட்டாங்களா" என்றாளாம். வகுப்பே சிரித்ததாம். ஆசிரியை கூடச் சிரித்தார் என்கிறாள், அதை நான் நம்பவில்லை, நம்பவும் விரும்பவில்லை. அந்தச் சிரிப்பு நின்று போன ஒரே நாளில் நீ நீதிமன்றத்தில் எழுந்து நின்று, அதைத் திரும்பக் கொண்டுவா என்று வாதாடுகிறாய்.

என் மேல் துப்பியவனுக்குத் துப்ப உரிமை உண்டு என்று சொல்ல என் தங்கைதான் கிடைத்தாளா? ஊரில் வேறு வக்கீலே இல்லையா?

விளக்கம் எழுது. நன்றாக எழுதுவாய் என்று தெரியும்.

அக்கா


மார்ச் 26

அக்கா,

நீ திட்டியது எல்லாம் தகும். சொல்லாமல் விட்டது என் தப்பு. உன் முதல் கடிதம் வந்த அன்று உத்தரவே வரவில்லை. நான் பதில் எழுதிய அன்று வழக்கு பத்திரிகையாளர் சங்கத்தோடு பேச்சளவில் இருந்தது, அந்த விதியை எதிர்த்து. நீ இருக்கும் நிலையில் சொல்லத் தைரியம் வரவில்லை. நீதிபதியிடமும் சங்கத்திடமும் முதல் நாளே சொல்லிவிட்டேன், அகற்றப்பட்ட காட்சியில் இருப்பது என் அக்கா என்று. எல்லோரிடமும் சொன்னேன், உன்னிடம் தவிர.

இப்போது ஏன் என்று சொல்கிறேன். கோபத்தோடாவது படி.

அந்த விதியில் பொய் எது என்று தீர்மானிப்பவர் அமைச்சர். அவரும் இந்தத் தேர்தலில் நின்றவர். அவர் கட்சிதான் உங்கள் ஊரில் ஜெயித்தது. யாரையும் கேட்க வேண்டியதில்லை, காரணம் சொல்ல வேண்டியதில்லை, எதை அகற்றினோம் என்று வெளியிடவும் வேண்டியதில்லை. ஆட்டத்தில் ஓடுகிறவனே விசிலும் ஊதுகிறான், அக்கா.

அபராதத்துக்குப் பயந்து தளங்கள் என்ன செய்தன? மனிதர்கள் ஒவ்வொன்றாகப் பார்க்கவில்லை. கூடத்தின் படத்தைப் போல இருக்கும் எல்லாவற்றையும் கணினி தேடி அழித்தது. உன்னைத் திட்டியதும் போனது. உன் வாரப் பத்திரிகை நிருபர், நகல் எடுப்பது எப்படி என்று மீசைக்காரரின் பேட்டியோடு போட்டாரே, அதுவும் போனது. உன் அலுவலர் சங்கம் உனக்கு ஆதரவாகப் போட்ட அறிக்கையும் போனது. உனக்காகப் பேசியவர்கள் வாயையும் சேர்த்துத்தான் கட்டினார்கள். இப்போது மக்கள் சொல்வது என்ன? "பொய்யா இருந்தா ஏன் அழிக்கணும்?" காட்சி தளங்களில்தான் இல்லை. கைப்பேசிக் குழுக்களில் முன்னைவிட வேகமாக ஓடுகிறது, "அரசு மறைக்கும் காட்சி" என்ற தலைப்போடு.

இன்னொரு விஷயம். துறைமுகத் தொகுதியில் ஓர் எண்ணும் இயந்திரத்தில் வேட்பாளர் வரிசையைத் தப்பாக ஏற்றியிருந்தார்கள். ஒருவர் வாக்கு இன்னொருவர் கணக்கில் விழுந்தது. சதி இல்லை, கவனக்குறைவு. அதை முதலில் கேட்டவர் ஒரு செவிலி. தன் தெருவில் இத்தனை பேர் போட்ட வேட்பாளருக்கு அந்த வாக்குச்சாவடியில் ஒரு வாக்குகூட இல்லையே என்று எழுதினார். அந்தப் பதிவையும் இதே உத்தரவில் "பொய்ச் செய்தி" என்று அகற்றினார்கள். அவர் விடாமல் நேரில் போய் மனுக் கொடுத்ததால் காகிதச் சீட்டுகளைக் கையால் எண்ணித் திருத்தினார்கள். உன்னைப் பற்றிச் சொன்னது பொய். அவர் சொன்னது உண்மை. முதல் நாளில் பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டையும் ஒரே கத்தியால் வெட்டும் அதிகாரத்தை ஓர் அமைச்சர் கையில் கொடுக்கலாமா?

பொய்யைச் சும்மா விடு என்று நான் சொல்லவில்லை. முழுப் பதிவையும் வெளியிடச் சொல்லி ஆணையத்துக்கு எழுதியிருக்கிறோம். அந்த எண்ணெய்க் கணக்குகள் போலி ஆட்கள் என்று தளத்துக்கு ஆதாரம் கொடுத்திருக்கிறோம். அவர்கள் சொன்னதற்காக அல்ல, இல்லாத மனிதர்களாக வேஷம் போட்டதற்காக அவற்றை நீக்கலாம், எந்தக் கட்சிக்காக வேஷம் போட்டாலும் அதே விதி. தேர்தல் விளம்பரத்துக்குக் காசு கொடுத்தது யார் என்று தளங்கள் பொதுப் பதிவேட்டில் காட்ட வேண்டும். அதில் உன் காட்சியைக் காசு கொடுத்துப் பரப்பியது "விழிப்பு மன்றம்" என்று இருக்கிறது. நிருபர் அந்த முகவரிக்குப் போனார். பூட்டிய கடை. வாடகை கொடுப்பது ஒரு விளம்பர நிறுவனம்.

நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். வழக்கு நடக்கும்போது உன் வாசலில் நான் நின்றால், "அக்காவும் தங்கையும் சேர்ந்து நாடகம்" என்று அதையும் படம் எடுப்பார்கள். உன்னையும் வழக்கையும் சேர்த்துக் கெடுக்கும். அதனால்தான் வரவில்லை.

என்னை வெறுக்காதே.

குட்டி


ஏப்ரல் 9

வழக்கறிஞர் அவர்களுக்கு,

தீர்ப்பு வந்தது, அமைச்சரின் உத்தரவு ரத்து. நீங்கள் அனுப்பிய படியும் வந்தது, கனமான உறையில். அத்தான் சத்தமாகப் படித்தார். அதிகார எல்லை மீறல், காரணம் சொல்லப்படவில்லை, பாதிக்கப்பட்டவர் தரப்பு கேட்கப்படவில்லை. பாதிக்கப்பட்டவர் என்றால் பதிவு போட்டவராம். நான் எந்தப் பக்கத்தில் வருகிறேன் என்று தேடினேன். "காட்சியில் காணப்படும் அலுவலர்" என்று ஓரிடத்தில் இருக்கிறது.

மிரட்டல்களும் முகவரியும் திரும்ப வராது என்று எழுதியிருக்கிறார்கள். நன்றி. காட்சி அன்று மாலையே திரும்பி வந்துவிட்டது. பெயின்ட் கடையில் அதைப் பெரிய திரையில் போட்டு ஒரு கூட்டம் பார்த்தது. "நீதிமன்றமே சொல்லிடுச்சு" என்று ஒருவர் சொன்னது என் சன்னல்வரை கேட்டது. நீதிமன்றம் என்ன சொன்னது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை.

பொண்ணு பள்ளிக்குப் போகவில்லை. வயிற்று வலி என்கிறாள். மருத்துவர் ஒன்றும் இல்லை என்கிறார்.

உன் வாதம் முழுவதும் எனக்குப் புரிந்தது. ஒரு வரியில்கூட ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. உன்னைப் போன்றவர்கள் பத்து வருடம் கழித்து நல்லது நடக்கும் என்று சரியாகக் கணக்குப் போடுகிறீர்கள். அந்தப் பத்து வருடத்தையும் வாசலில் நின்று வாங்கிக்கொள்ள என்னைப் போல யாரோ ஒருத்தி வேண்டும். அவளைக் கேட்டுவிட்டு யாரும் கணக்குப் போடுவதில்லை.

வராதே. பொண்ணும் இப்போது உன்னைப் பார்க்கும் நிலையில் இல்லை.

தேர்தல் அலுவலர், அதாவது காட்சியில் காணப்படுபவர்


ஏப்ரல் 13

அக்கா,

நீ வராதே என்றதால் எழுதுகிறேன். பதில் எதிர்பார்க்கவில்லை.

ஆணையம் இன்று முழுப் பதிவையும் வெளியிட்டது. நீதிபதி ஓர் இடத்தில், இதை வெளியிட ஆணையத்தைத் தடுப்பது அதன் சொந்த விதிதான், சட்டம் அல்ல என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்கு வெட்கப்பட்டு விதியைத் திருத்தினார்கள். அதில் நீ, பக்கத்தில் படிக்கும் அலுவலர், எதிரே மீசைக்காரர், ஆளும் கட்சியின் முகவர் எல்லோரும் இருக்கிறீர்கள். மீசைக்காரர் ஒரு சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, "இது மூணாவது பேரா, நாலாவதா, நல்லாப் பாருங்க" என்று உன்னோடு வாக்குவாதம் செய்கிறார். இரண்டு முகவர்களும் ஒப்புக்கொண்ட பிறகுதான் நீ பேனாவை எடுக்கிறாய். நான் அதை மூன்று முறை பார்த்தேன். என் அக்கா எவ்வளவு பொறுமைசாலி என்று நினைத்தேன்.

எண்ணெய்க் கணக்குகளைத் தளம் நீக்கிவிட்டது. ஏன் நீக்கினோம் என்று அறிக்கையும் போட்டது. விளம்பர நிறுவனத்தின் பெயரும் வந்திருக்கிறது. அவர்கள் மேல் நீ அவதூறு வழக்குப் போட்டால் நான் வாதாட முடியாது, கூடாது. என் தோழி ஒருத்தி இருக்கிறாள், இரக்கமே இல்லாதவள். அவள் எண்ணைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

வரும் சனிக்கிழமை உங்கள் கூடத்தில் தணிக்கை எண்ணிக்கை. வித்தியாசம் குறைவு என்பதால் நிறையச் சீட்டுகளை எடுப்பார்கள். கிழிந்த சீட்டுகளின் உறைகளையும் பிரிக்க ஆணையம் ஒப்புக்கொண்டிருக்கிறது. விரும்பும் பொதுமக்கள் பார்வையாளராகப் பெயர் கொடுக்கலாம். சந்தேகப்படுகிறவர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்று நான் எழுதிக் கேட்டேன். உன்னை மறுபடியும் அந்த மேசையில் உட்கார வைப்பது கொடுமை என்று தெரியும். நீ மறுத்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

உன்னைக் கேட்காமல் கணக்குப் போட்டேன் என்று நீ எழுதியது சரி. அதற்கு என்னிடம் வாதம் இல்லை.

குட்டி


ஏப்ரல் 24

குட்டி,

மேசையில் உட்கார்ந்தேன். மறுத்தால் என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியாதா.

கூடத்தில் நாற்காலி போதவில்லை. முதலில் பத்து முகம் உள்ள பகடைகளைப் பொதுமக்களில் சிலர் உருட்டினார்கள். வந்த எண்களைப் பெரிய பலகையில் எழுதினோம். அதைக் கணினியில் போட்டால் எந்தப் பெட்டியில் எத்தனையாவது சீட்டு என்று வரும். எங்களுக்கு வேண்டிய சீட்டை நாங்களே பொறுக்கி எடுக்க முடியாது என்பதற்காக இந்த ஏற்பாடு. சீட்டை எடுத்து, எல்லோருக்கும் காட்டி, இயந்திரம் அதை எப்படிப் பதிந்திருக்கிறது என்று ஒப்பிட்டோம். நாள் முழுவதும் அதுதான் வேலை. சலிப்பான வேலை. நேர்மை பார்ப்பதற்கு இவ்வளவு சலிப்பாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை போல. மதியத்துக்குள் பாதிக் கூட்டம் போய்விட்டது.

பெயின்ட் கடைக்காரர் போகவில்லை. பார்வையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முதல் வரிசையில் இருந்தார். உறைகளைப் பிரிக்கும் நேரம் வந்ததும், "என் கையில குடுங்க" என்றார். தொடக் கூடாது, பார்க்கலாம் என்று சொல்லி, பழைய சீட்டையும் என் நகலையும் அவர் மூக்குக்கு நேராக வைத்தேன். எண்ணைப் பார்த்தார், குறியைப் பார்த்தார். அடுத்தது. அடுத்தது. கடைசி உறை வரைக்கும் விடாமல் பார்த்தார். அவர் கட்சிக்கு விழுந்த வாக்குகளை நான் அவர் கட்சிக்கே நகல் எடுத்திருப்பதையும் பார்த்தார். அதில் கொஞ்சம் ஏமாற்றம் அடைந்தார் என்றுகூடத் தோன்றியது.

"இது சரியாத்தான் இருக்கு," என்றார்.

"அப்பறம்?"

"இந்த ஊர்ல சரியா இருக்கு. மத்த ஊர்ல என்ன பண்ணாங்களோ."

குட்டி, எனக்கு அந்த மேசையைத் தூக்கி அடிக்கலாம் போல இருந்தது. இத்தனை நாள் என் வீட்டு வாசலில் நின்று கத்தியவர். கண்ணுக்கு நேரே பார்த்த பிறகும் பொய் அப்படியே இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. நான் மெதுவாகத்தான் கேட்டேன். "அந்தக் காட்சிய எத்தன பேருக்கு அனுப்பினீங்களோ, அவங்களுக்கு இன்னிக்குப் பாத்தத சொல்லுவீங்களா?"

"சொன்னா யாரு கேப்பாங்கம்மா."

"கேக்கறதும் கேக்காததும் அவங்க பாடு. நீங்க சொல்லுவீங்களான்னுதான் கேட்டேன்."

அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் வாசல் கதவைத் தட்டினார். சொல்லிவிட்டாராம். குழுவிலிருந்து அவரையே தூக்கிவிட்டார்களாம். "நீயும் காசு வாங்கிட்டியான்னு கேக்கறானுங்க, இருபது வருஷப் பழக்கம்," என்றார். என்னமோ நான் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பது போல நின்றார். மன்னிப்பு கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. உள்ளே வாருங்கள் என்று நானும் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை, இருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

உன் இரக்கமில்லாத தோழியிடம் பேசினேன். வழக்குப் போட்டாயிற்று. "வாடிக்கையாளர் கொடுத்த காட்சியை அளவு குறைத்துக் கொடுத்தோம், அவ்வளவுதான்" என்று அந்த நிறுவனம் பதில் அனுப்பியிருக்கிறது. என்னைத் துண்டாக வெட்டியதற்கு அவர்கள் வைத்த பெயர் அளவு குறைத்தல். வருடக்கணக்கில் இழுக்கும் என்கிறாள். இழுக்கட்டும்.

துறைமுகத் தொகுதிச் செவிலியின் பதிவைத் தேடிப் படித்தேன். எழுத்துப்பிழை, கோபம், பெரிய பெரிய குற்றச்சாட்டு. என்னைப் பற்றி எழுதியவர்கள் மாதிரியேதான் எழுதியிருக்கிறார். நான் அமைச்சராக இருந்திருந்தால் அதை யோசிக்காமல் அழித்திருப்பேன். நீ செய்தது சரி. இதை எழுதப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன். அந்த உத்தரவு போனது நல்லது. அத்தானிடமும் அப்படியே சொன்னேன். ஆணையத்தின் செய்திப் பிரிவு ஆளிடமும் சொன்னேன். அடுத்த தேர்தலுக்கு முன்னால் நகல் சீட்டுப் படத்தை எடுக்கப்போகிறார்களாம், நான்தான் நடிக்க வேண்டுமாம். சம்மதித்திருக்கிறேன், மீசைக்காரரும் கூட உட்கார வேண்டும், படச் சட்டத்தின் ஓரம்வரை தெரிய வேண்டும் என்ற நிபந்தனையோடு.

பொண்ணு பள்ளிக்குப் போகிறாள். யாரோடும் பேசுவதில்லை, ஆனால் போகிறாள்.

இப்போது உனக்கும் எனக்கும் உள்ளது. உன் பத்திரிகையாளர் சங்கம் நடத்தும் கருத்தரங்கில் என்னை வந்து பேசக் கேட்டு அழைப்பு வந்தது. வரமாட்டேன். உன் வெற்றிக்கு நான் எடுத்துக்காட்டு இல்லை. நீ பேசும்போதும் என்னைச் சொல்லாதே, "காட்சியில் காணப்படும் அலுவலர்" என்றுகூடச் சொல்லாதே.

நீ சரி என்பதால் என் கோபம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. தீர்ப்பு வந்த அன்று எனக்குத் தீர்ப்பின் படி வேண்டியிருக்கவில்லை. வாசலில் ஆள் கத்திக்கொண்டிருந்தபோது உள்ளே என் பக்கத்தில் உட்கார ஒருத்தி வேண்டியிருந்தது. நாடகம் என்று படம் எடுத்திருப்பார்கள் என்றாய். எடுத்திருக்கட்டுமே. என்னைப் பற்றி இத்தனை பொய் ஓடியபோது, என் தங்கை வந்தாள் என்று ஓர் உண்மையும் சேர்ந்து ஓடியிருக்கும்.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் நன்றாக எழுதுவாய், படித்துவிட்டு நானும் ஒப்புக்கொள்வேன். அது எனக்கு வேண்டாம். வருவதானால் வா. வந்து, நான் திட்டுவதைத் திட்டி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேள்.

உன் அக்கா